தண்ணீர் ரிப்போர்ட்டைக் கீழிருந்து மேலே படியுங்கள்

லேபிலிருந்து தண்ணீர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் கண் முதலில் போவது கடினத்தன்மை எண்ணுக்குத்தான். அது மேலே இருக்கும், எண்ணும் பெரிதாக இருக்கும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்கவில்லை என்று அன்றாடம் பார்ப்பதும் அதைத்தான். கோலிஃபார்ம் பாக்டீரியா கடைசி வரியில் இருக்கும், சில லேப்களில் இரண்டாம் பக்கத்துக்கே போய்விடும். ஆனால் வீட்டில் ஒருவரை இந்த வாரமே வயிற்றுப்போக்கில் படுக்க வைக்கக்கூடியது அந்தக் கடைசி வரிதான். அதனால் முதலில் கோலிஃபார்ம், அடுத்து நைட்ரேட், அப்புறம் குளோரைடு, கடைசியாகக் கடினத்தன்மை என்று படித்துப் பாருங்கள். அதோடு, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வரம்போடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடாமல், எது எதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் என்ன கலக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் ஊர், மூன்று சென்ட் மனை. முன்பக்கம் உறைகிணறு, பின்பக்கம் செப்டிக் டேங்க், அதையொட்டிக் கசிவுக்குழி. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 25 அடி இருக்கும். வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு வந்த ரிப்போர்ட் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

```
மொத்தக் கடினத்தன்மை (CaCO3 ஆக)   540 மி.கி./லி
காரத்தன்மை (CaCO3 ஆக)            320 மி.கி./லி
குளோரைடு                         310 மி.கி./லி
நைட்ரேட் (N ஆக)                   16.3 மி.கி./லி
மொத்தக் கோலிஃபார்ம்               220 எம்.பி.என்./100 மி.லி
ஈ.கோலை                           34 எம்.பி.என்./100 மி.லி
```

எண்களுக்கு முன் மேல்பகுதி

ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் தண்ணீர் எங்கே எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது, லேபுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று இருக்கும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கிணற்றிலிருந்து நேராக எடுத்த தண்ணீரும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்கு வந்த தண்ணீரும் ஒன்றல்ல. தொட்டி திறந்து கிடந்து அதில் பறவை எச்சம் விழுந்திருந்தால், கிணறு சுத்தமாக இருந்தாலும் கோலிஃபார்ம் வரும். எது கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிணற்றில் ஒன்று, குழாயில் ஒன்று என்று இரண்டு மாதிரி கொடுப்பது நல்லது.

கோலிஃபார்ம் சோதனைக்கான தண்ணீரை லேப் கொடுக்கும் கிருமிநீக்கம் செய்த பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் குடித்த தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக் கொடுத்தால், வருவது பாட்டிலின் ரிப்போர்ட்டா கிணற்றின் ரிப்போர்ட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்த பாட்டிலை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோக வேண்டும், அன்றைக்கே கொடுத்துவிடுவது உத்தமம். எடுத்ததற்கும் லேப் வாங்கியதற்கும் இடையே 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பாக்டீரியா வரியை நம்ப வேண்டாம். கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் இந்தக் கெடுபிடி கிடையாது, அவை பாட்டிலுக்குள் மாறாமல் இருக்கும்.

ஏற்கெனவே குளோரின் போட்ட தண்ணீர் என்றால் லேபிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டில் தருவார்கள். அது இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும், ரிப்போர்ட் நல்லதாக வந்துவிடும்.

அடுத்து வரம்புப் பத்திகள். இந்தியாவில் குடிநீருக்கான தரம் ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது ஏற்கத்தக்க வரம்பு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளலாம் என்கிற வரம்பு. கடினத்தன்மைக்கு இவை 200, 600. குளோரைடுக்கு 250, 1000. நைட்ரேட்டுக்கு 45, இரண்டாவது வரம்பே இல்லை, அந்த இடத்தில் ‘தளர்வு இல்லை’ என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். கோலிஃபார்மும் ஈ.கோலையும் 100 மி.லி. தண்ணீரில் தென்படவே கூடாது. எதற்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், எதற்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ருசியையும் குழாயையும் கெடுப்பவற்றுக்கு இடம் தந்திருக்கிறார்கள், உடம்பைக் கெடுப்பவற்றுக்குத் தரவில்லை.

கோலிஃபார்ம்: இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்

மொத்தக் கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய கூட்டம். மண்ணிலும் செடி கொடியிலும் மழை வழிந்தோடும் தண்ணீரிலும் அவை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நோய் தருபவை அல்ல. கிணற்றில் அவை இருக்கிறதென்றால், மேல்மட்டத்துத் தண்ணீர் வடிகட்டப்படாமல் உள்ளே நுழைய எங்கோ வழி இருக்கிறது என்று அர்த்தம். ஈ.கோலை அப்படியில்லை. அது மனிதர், மாடு, நாய் போன்ற வெப்ப ரத்த உயிர்களின் குடலில் வாழ்வது. அது வந்திருந்தால் மலம் கலந்திருக்கிறது, அதுவும் அண்மையில் கலந்திருக்கிறது. மலம் வரும் வழியில் டைஃபாய்டும் காலராவும் மஞ்சள்காமாலையும் வரலாம்.

மொத்தக் கோலிஃபார்ம் மட்டும் இருந்து ஈ.கோலை இல்லை என்றால் பதற வேண்டாம். அண்மையில் மோட்டாரைக் கழற்றி மாட்டியிருக்கலாம், மாதிரி எடுத்த குழாயின் வாயே அழுக்காக இருந்திருக்கலாம். குழாயைத் துடைத்து, தீயில் வாட்டி, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு மறுபடி ஒரு மாதிரி கொடுங்கள். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள். இரண்டாவது முறையும் வந்தால் கிணற்று மேடை, உறை இணைப்பு, மூடி ஆகியவற்றில் ஓட்டை தேட வேண்டும்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எம்.பி.என். என்பது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. பல குழாய்களில் வெவ்வேறு அளவு தண்ணீரை ஊற்றி, எத்தனை குழாயில் கிருமி வளர்ந்தது என்று பார்த்து, அட்டவணையிலிருந்து எடுக்கும் ஒரு மதிப்பீடு. அதனால் 220-க்கும் 170-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன மாதம் 220, இந்த மாதம் 170, குறைந்துவிட்டது என்று ஆறுதல் அடைய முடியாது. 2-க்கும் குறைவு என்று குறியிட்டு வந்தால் அந்த முறையில் அதுதான் ‘தென்படவில்லை’. 1600-க்கும் மேல் என்று வந்தால் அந்தச் சோதனையால் அதற்கு மேல் அளக்க முடியவில்லை என்று பொருள், உண்மையான எண் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். சில லேப்கள் எம்.பி.என்.னுக்குப் பதிலாக சி.எஃப்.யு. என்று போடும். அது வடிதாளில் வளர்ந்த புள்ளிகளை எண்ணும் முறை. எந்த முறையாக இருந்தாலும் நமக்கு வேண்டியது இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

நம் வீட்டுக் கிணற்றில் ஈ.கோலை 34. எனவே மற்ற வரிகளைப் படிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. இன்றிலிருந்து இந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, பல் துலக்கவும் கூடாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் இந்தக் கிருமிகள் செத்துவிடும்.

நைட்ரேட்: எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?

இந்த வரியில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வரம்பு 45, ரிப்போர்ட்டில் 16.3, அப்படியென்றால் நல்ல தண்ணீர் என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் ‘N ஆக’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. நைட்ரேட்டை இரண்டு விதமாக எழுதலாம். முழு நைட்ரேட்டின் எடையாக எழுதினால் `NO3`, அதில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் எழுதினால் `N` அல்லது `NO3-N`. இந்தியத் தரத்தின் 45 என்பது முழு நைட்ரேட்டுக்கானது. நைட்ரஜன் கணக்கில் வந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கினால் முழு நைட்ரேட் கிடைக்கும்:

```
16.3 × 4.43 = 72 மி.கி./லி (NO3 ஆக)
```

ஆக 72. வரம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நைட்ரஜன் கணக்கில் பார்த்தால் வரம்பு ஏறக்குறைய 10 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ரிப்போர்ட்டில் எந்தக் கணக்கு என்று எழுதாமலே விட்டிருந்தால் லேபுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். ஊகிக்க வேண்டாம்.

நைட்ரேட் யாருக்கு ஆபத்து? முதலில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு. உடம்புக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி செய்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். 1945-இல் ஹண்டர் காம்லி என்ற அமெரிக்க மருத்துவர் அயோவா மாநிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 50 மி.கி. இந்தக் குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டதுதான். நைட்ரேட்டோடு கிருமியும் சேர்ந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஆபத்து இன்னும் கூடும். நம் வீட்டுத் தண்ணீரில் இரண்டுமே இருக்கின்றன.

இங்கேதான் காய்ச்சும் பழக்கம் கைவிடுகிறது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு ஏறும். குழந்தைக்கென்று ‘நல்லா கொதிக்கட்டும்’ என்று பத்து நிமிடம் அடுப்பில் விடுகிறவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் நைட்ரேட் விஷயத்தில் அது எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. புற ஊதா விளக்கு வைத்த ஃபில்டரும் கரி ஃபில்டரும் நைட்ரேட்டை எடுக்காது. ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுக்கும். ஆனால் அதன் சவ்வு பழசானால் கசியும், ஆகவே ஆர்.ஓ.வுக்குப் பின் வரும் தண்ணீரையும் ஒருமுறை சோதிக்காமல் நம்பக் கூடாது. இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுவே போதும். புட்டிப்பால்தான் என்றால், நைட்ரேட் குறைவு என்று தெரிந்த வேறு தண்ணீரைக் காய்ச்சித்தான் கரைக்க வேண்டும்.

குளோரைடு: நைட்ரேட்டோடு வைத்துப் படிக்க வேண்டிய வரி

குளோரைடு வேறு, குளோரின் வேறு. குளோரின் கிருமி கொல்லப் போடுவது. குளோரைடு சாப்பாட்டு உப்பில் இருப்பது. 310 என்றவுடன் பஞ்சாயத்தில் மருந்து அதிகமாகக் கொட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

250 என்பது உப்புக் கரிக்கத் தொடங்கும் அளவை ஒட்டிய வரம்பு. 310-ஐக் குடித்தால் நோய் வராது, குழாய் கொஞ்சம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அப்படியானால் இந்த வரி எதற்கு? அது ஒரு தடயம். மண்ணில் போகும்போது குளோரைடை எதுவும் பிடித்து வைப்பதில்லை, நுண்ணுயிர்களும் தின்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் உப்பை அப்படியே சுமந்து வரும். மனிதச் சிறுநீரிலும் சமையலறைக் கழிவிலும் உப்பு நிறைய உண்டு.

முதலில், பக்கத்துத் தெருக்களில் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதே ஆழத்துக் கிணறுகளில் குளோரைடு 100, 120 என்றே இருந்து, நம் கிணற்றில் மட்டும் 310 என்றால் அந்த அதிகப்படி நம் மனைக்குள்ளிருந்தோ அடுத்த மனையிலிருந்தோதான் வருகிறது. ஊர் முழுக்கவே 300 என்றால் அது அந்த நிலத்தின் இயல்பு, செப்டிக் டேங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம் நைட்ரேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளோரைடு மிக அதிகம், நைட்ரேட் குறைவு என்றால் கடலோரத்தில் கடல்நீர் உள்ளே ஏறியிருக்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மி.கி. குளோரைடு இருப்பதால், நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே 250-ஐத் தாண்டிவிடும். நைட்ரேட் அதிகம், குளோரைடு அவ்வளவாக ஏறவில்லை, கோலிஃபார்மும் இல்லை என்றால் வயலில் போட்ட யூரியாவைச் சந்தேகிக்கலாம். சுண்ணாம்புப் பாறை நிலமான யாழ்ப்பாணத்தில் தோட்டத்து உரமும் வீட்டு மலக்குழியும் இரண்டுமாகச் சேர்ந்து கிணற்று நைட்ரேட்டை ஏற்றுவது பல காலமாகத் தெரிந்த சங்கதி. நைட்ரேட், குளோரைடு, ஈ.கோலை மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் அது கழிவுநீர்தான். நம் கிணற்றில் இருப்பது இந்த மூன்றாவது வகை.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. ஆழமான, ஆக்சிஜன் இல்லாத போர்வெல்லில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்று நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். அங்கே கழிவுநீர் கலந்தாலும் நைட்ரேட் குறைவாகவே காட்டும். தண்ணீரில் நாற்றமோ செம்மண் நிற இரும்போ இருந்தால் நைட்ரேட் குறைவு என்பதை வைத்து மட்டும் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டாதீர்கள். அம்மோனியாவையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடினத்தன்மை: அடுப்பும் வாஷிங் மெஷினும் சம்பந்தப்பட்டது

கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை ஒரே எண்ணாக, கால்சியம் கார்பனேட் கணக்கில் எழுதுவதுதான் கடினத்தன்மை. நம் எண் 540. ஏற்கத்தக்க 200-ஐத் தாண்டிவிட்டது, 600-க்குள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதுவும் வைக்கவில்லை.

இதில் எவ்வளவு கொதிக்க வைத்தால் போகும் என்பதைக் காரத்தன்மை வரி சொல்லும். காரத்தன்மை 320, எனவே 540-இல் 320 வரை தற்காலிகக் கடினத்தன்மை, காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது. மீதி 220 நிரந்தரக் கடினத்தன்மை, எவ்வளவு காய்ச்சினாலும் தண்ணீரிலேயே இருக்கும். துணி துவைக்கவும் கீசருக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம். ஆனால் அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிற கருவி. குளோரைடையோ கிருமியையோ தொடாது, வீடுகளில் வைக்கும் வழக்கமான வகை நைட்ரேட்டையும் எடுக்காது. இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘540 இருக்கு, சாஃப்ட்னர் போட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் மேலிருந்து கீழே படித்துப் பாதியில் நிறுத்தியவர்.

இந்த வீட்டில் அடுத்து என்ன செய்ய வேண்டும்

கசிவுக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இங்கே 25 அடிதான். கிணற்றை மட்டும் மருந்து போட்டுச் சுத்தம் செய்தால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். ஆகவே முதலில் குழியைப் பார்க்க வேண்டும். செப்டிக் டேங்கைக் காலி செய்து சுவரில் விரிசல் இருக்கிறதா, அடித்தளம் கான்கிரீட் போட்டதா என்று பார்த்து அடைக்க வேண்டும். கசிவுக்குழியை இடம் மாற்ற மனையில் இடமில்லை என்றால் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இந்தக் கிணற்றைக் குளிக்கத் துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க வேறு தண்ணீர் ஏற்பாடு செய்வதுதான் நேர்மையான வழி. கிணற்றின் மேல் உறைகளின் இணைப்பைச் சிமென்ட் பூசி அடைப்பதும், சுற்றிலும் தண்ணீர் வெளியே வடியும்படி மேடை போடுவதும் எப்படியும் செய்ய வேண்டியவை.

அதன்பிறகு பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 1.5 மீட்டர் அகலமுள்ள உறையில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் 5300 லிட்டர், அதற்குச் சுமார் 13 கிராம். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பின் வாளி முக்கால் நிரம்பத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த மேல்நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை உள்ளே கொட்டினால் கடினத்தன்மை இன்னும் ஏறும். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் பார்க்கும் கிட்டில் 0.5 மி.கி. தென்பட வேண்டும். கழிவுநீர் கலந்த கிணற்றில் முதல் தடவை பெரும்பாலும் தென்படாது, அழுக்கே குளோரினைத் தின்றிருக்கும். அப்போது இன்னொரு தடவை போடுங்கள்.

மறுபரிசோதனைக்கு உடனே ஓடாதீர்கள். குளோரின் வாடை முழுக்கப் போய், ஒன்றிரண்டு வாரம் சாதாரணமாகத் தண்ணீர் இறைத்தபின் மாதிரி எடுங்கள். ஓட்டை உண்மையிலேயே அடைபட்டிருந்தால் ஈ.கோலை தென்படாது. நைட்ரேட்டும் குளோரைடும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, மண்ணில் ஏற்கெனவே ஊறியது வடிய ஒரு மழைக்காலமாவது பிடிக்கும். அதனால் கோலிஃபார்ம் வரி சரியாகிவிட்டது என்பதை வைத்துக் குழந்தையின் பாலுக்கு இந்தத் தண்ணீரைத் தொடங்கிவிடாதீர்கள். நைட்ரேட்டை மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று சோதித்து, இரண்டிலும் 45-க்குக் கீழே வந்தபின்தான் தொடங்கலாம்.